என் பட்டியலில் இல்லாத தவணை

நான் கார்டைத் தொலைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் எனக்குச் சாதகமாக இருக்கும் ஒரே விஷயம் இதுதான். அதுவும் கொஞ்ச நேரத்தில் எனக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை. சயானிலிருந்து வந்த வண்டியை விட்டுக் குர்லாவில் இறங்கி, வாஷி வண்டிக்காகப் பாலம் ஏறும்போது பைக்குள் கைவிட்டேன். டெபிட் கார்டு வைத்திருக்கும் சின்ன உறையில் ரயில் பாஸ் இருந்தது, கார்டு இல்லை. பதறவில்லை. நான் பதறுகிறவள் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். வங்கியின் ஆப்பில் இரண்டு வழிகள் இருந்தன: கார்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது, அல்லது நிரந்தரமாக முடக்கிவிட்டுப் புதியது கேட்பது. முதலாவது தயங்குகிறவர்களுக்கு உரியது என்று தோன்றியது. இரண்டாவதை அழுத்தினேன். வண்டி மான்குர்ட் தாண்டுவதற்குள் பழைய கார்டு எங்கெல்லாம் இணைந்திருக்கிறது என்று போனில் ஒரு பட்டியலும் போட்டு முடித்தேன். பால், மின்சாரம், படம் பார்க்கும் ஆப், தம்பியின் பாட்டு ஆப் என்று எட்டு இடங்கள். எட்டுக்கும் முன்னால் குட்டிக் கட்டங்கள், டிக் அடிப்பதற்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் கார்டு கிடைத்தது. "கார்டுகள்" என்று லேபிள் ஒட்டிய டப்பாவில் இருந்தது. முந்தின இரவு நானே எடுத்துவைத்திருக்கிறேன். லேபிள் சொன்ன இடத்தில் பொருளை வைத்துவிட்டு, லேபிள் சொன்ன இடத்தில் தேடாமல் போனவள் இந்தத் தாராவியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நிரந்தரமாக முடக்கிய கார்டை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது. நிரந்தரம் என்றால் நிரந்தரம்தான்.

அந்த லேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம், கையளவு லேபிள் பிரின்டர் ஒன்று வாங்கியிருந்தேன். விலை 4,299. 'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்கிற ஆப் ஒன்றின் வழியாக, மூன்று தவணைகளில், மாதம் 1,433. ஐந்தாம் தேதி ஆனால் டெபிட் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஒரு பரண். அதில் எழுபத்தொரு லேபிள் ஒட்டினேன். உப்பு டப்பாவில் "உப்பு" என்று ஒட்டியதை அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இது உப்புன்னு எனக்குத் தெரியும். யாருக்கு எழுதி வச்சிருக்க?"

"ஒரு ஒழுங்குக்கும்மா."

"இந்த மெஷினு கடனுக்கா வாங்குன?"

"கடன் இல்லம்மா. மூணு பாகமாப் பிரிச்சுக் குடுக்கது."

"அதுக்குப் பேரு என்ன?"

நான் இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னேன். அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

கேலிக்கு உரியது பிரின்டர் மட்டும் இல்லை. மாதாமாதம் நான் எழுதும் வரவு செலவுப் பட்டியலில் "கடன்" என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்கு நேரே வருஷக்கணக்காக "இல்லை" என்றே எழுதிவந்தேன். பிரின்டரை வாங்கிய மாதமும் அப்படியே எழுதினேன். அதனால்தான் குர்லாவில் யோசித்தபோது அந்த ஆப் நினைவுக்கே வரவில்லை. கடன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஒன்பதாவது கட்டம் போட்டிருப்பேன்.

புதுக் கார்டு பத்து நாளில் வந்தது. கூரியர்காரர் சந்துக்குள் வழி தெரியாமல் நின்றார், நான் மெயின் ரோட்டுக்குப் போய் வாங்கிவந்தேன். எட்டு இடங்களிலும் புது எண்ணைப் பதிந்து, எட்டு டிக் அடித்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மே ஐந்தாம் தேதிக்கு முன்னால் ஆப் ஒரு நினைவூட்டல் அனுப்பியது: நாளை 1,433 எடுக்கப்படும், பணம் வைத்திருக்கவும். கணக்கைப் பார்த்தேன், பணம் இருந்தது. நினைவூட்டலின் கடைசி வரியில் கார்டின் கடைசி நான்கு எண்களும் இருந்திருக்கின்றன. அவை பழைய கார்டின் எண்கள். நான் பார்த்தது தொகையை மட்டும்.

இதைப் பிறகு பலருக்கும் விளக்க நேர்ந்தது. பணம் இருந்தது வங்கிக் கணக்கில். ஆனால் அந்த ஆப்புக்கு நான் கொடுத்திருந்த அனுமதி கணக்கோடு இல்லை, கார்டோடு கட்டப்பட்டிருந்தது. கார்டு செத்தால் அனுமதியும் செத்துப்போகும். புதுக் கார்டைப் போட்டு, ஓடிபி கொடுத்துப் புதிதாக அனுமதித்தால்தான் உண்டு. வங்கி தானாக மாற்றிவிடாது. ஐந்தாம் தேதி ஆப் தட்டிப்பார்த்தது, கதவு திறக்கவில்லை. ஆறாம் தேதியும் ஏழாம் தேதியும் தட்டியது.

தவணை தவறியது என்று செய்தி வராமல் இல்லை. வந்தது. அந்த ஆப் நாளுக்கு நான்கு தள்ளுபடி விளம்பரம் அனுப்புகிறது என்று அதன் ஒலியை நானே அடைத்துவைத்திருந்தேன். மின்னஞ்சலும் வந்தது. விளம்பரங்களைத் தனியாக ஒதுக்க நான் எழுதிய விதி, இதையும் ஒழுங்காக ஒதுக்கிவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றையும் துண்டித்தேன். எல்லா வழிகளையும் மிகத் திறமையாக மூடியிருந்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. வாஷியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர். மாதக் கட்டணம் வசூலிக்கும் மென்பொருளில், பணம் எடுக்க முடியாமல் போனால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

மே மூன்றாம் வாரத்தில் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு வந்தது. செம்பூரில் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருப்பவர் ஒருவர், வருஷாவருஷம் அம்மாவுக்கு ஐம்பது, அறுபது உருப்படி கொடுப்பார். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும். இந்த முறை அவரிடம் தைத்துக்கொண்டிருந்த ஒரு பட்டறை இடம் மாறிப் போய்விட்டது. நானூறு உருப்படி தருகிறேன், ஆனால் சொந்தமாக ஓவர்லாக் மெஷின் இருக்க வேண்டும் என்றார். ஓரத்துணி பிரியாமல் அடிக்கும் மெஷின் அது. அம்மா அதுவரை பக்கத்துச் சந்துப் பட்டறையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்துவந்தாள். சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன், மெஷின் இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

மெஷின் 27,500. தம்பியின் கல்லூரிக் கட்டணம் போக என் கணக்கில் ஒன்பதாயிரம்தான் இருந்தது. நான் கலங்கவில்லை. பிரின்டர் வாங்கிய ஆப்பில் நாற்பத்தைந்தாயிரம் வரை வாங்க எனக்கு லிமிட் இருந்தது.

"நீ கவலைப்படாதம்மா. ஆறு தவணை. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை மெஷின் கடைக்குப் போனோம். அம்மா ஒரு துண்டுத்துணியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மூன்று மெஷினில் அடித்துப்பார்த்து, நூலை இழுத்துப்பார்த்து, கடைக்காரரிடம் தன் பம்பாய் இந்தியில் ஐந்நூறு குறைத்து, குறைத்த ஐந்நூறுக்கு ஆறு நூல்கண்டும் வாங்கினாள். மொத்தத்தில் 27,500 அப்படியே இருந்தது, ஆனால் அம்மா ஜெயித்திருந்தாள். கடைக்காரர் பில் எழுதிவிட்டு, கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைக் காட்டினார். நான் ஸ்கேன் செய்தேன்.

திரையில் சிவப்புப் பட்டை. "உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பாக்கி 1,433. தாமதக் கட்டணம் 250. தாமதம்: பதினாறு நாள்."

"ஹோ கயா, மேடம்?" என்று, முடிந்ததா எனக் கேட்டார் கடைக்காரர்.

"ஏக் மினிட்" என்றேன்.

"என்னட்டி, மொகம் வெளுத்துருச்சு?" என்றாள் அம்மா.

அங்கேயே நின்று, யுபிஐ வழியாக 1,683 ரூபாயையும் கட்டினேன். பணம் ஒரு நொடியில் போனது. சிவப்புப் பட்டை போய்ப் பச்சை வந்தது: "நன்றி. உங்கள் லிமிட் மறுபரிசீலனையில் உள்ளது. இரண்டு வேலை நாட்கள் ஆகலாம்." கடைக்காரர் பில்லைக் கிழிக்கவில்லை. நூல்கண்டுகளை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் பார்த்தபோது பரிசீலனை முடிந்திருந்தது. லிமிட்: 6,000.

நான் செய்தது அடுத்த தவறு. இன்னொரு ஆப்பில் விண்ணப்பித்தேன். இரண்டு நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள், காரணம் 'அண்மைத் தாமதம்' என்று. மூன்றாவது ஆப்பைத் திறந்து, விண்ணப்பம் அனுப்பும் இடம் வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்தினேன். ஒவ்வொரு விண்ணப்பமும் 'இவள் கடன் தேடி அலைகிறாள்' என்று என் கடன் வரலாற்றில் ஒரு வரியாக ஏறும். அது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயங்களுக்கு என்னிடம் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

சாயங்காலம் வீட்டிலிருந்து ஆப்பின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழுக்கு நான்கை அழுத்தச் சொன்னது. அம்மாவும் கேட்கட்டும், அநியாயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரலில் ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம். பாத்துட்டேனுங்க. அஞ்சு, ஆறு, ஏழுன்னு மூணு தடவை முயற்சி பண்ணியிருக்குதுங்க. கார்டு செல்லாதுன்னு திரும்பியிருக்குது."

"கார்டு மாறிடுச்சு. கணக்குல பணம் இருந்துச்சு. ஸ்டேட்மென்ட் அனுப்பவா?"

"பணம் இருந்தது எங்களுக்குத் தெரியாதுங்க மேடம். கட்டலைங்கிறது மட்டும்தானுங்க தெரியும்."

"அதுக்காக நாப்பத்தஞ்சாயிரத்த ஆறாயிரமாக் குறைப்பீங்களா?"

"லிமிட்டு, கடன் கொடுக்கிற நிறுவனம் பாக்கிறதுங்க. கணக்குப் போட்டு அதுவே குறைக்கும். நாங்க கையால ஏத்த முடியாதுங்க. அடுத்தடுத்த தவணை ஒழுங்காக் கட்டுங்க, பொறவு பாக்கலாம்."

"கடன் வரலாற்றுல இது ஏறுமா?"

"பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா போகுமுங்க. பதினஞ்சாம் தேதி நிலவரம் போயிருச்சுங்க. இப்ப கட்டினதும் அடுத்த தடவை போயிரும். பாக்கி இல்லைன்னு வந்துரும். ஆனா அந்த மாசம் தாமதம்னு இருக்கிறது இருக்கும்ங்க."

நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா துணியை வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, நீ சொல்லுததுதான் சரி. இவ கெடக்கா. நாங்க சீட்டுல ஒரு மாசம் பிந்துனாலே அடுத்த வட்டத்துல கடேசிக்குத் தள்ளிருவோம்லா."

"ஆமாங்கம்மா" என்றாள் அந்தப் பெண், அன்று முதல் முறையாக மகிழ்ச்சியான குரலில். "அதேதானுங்க."

"சாப்ட்டியா?"

"இனிமேதானுங்க."

தாமதக் கட்டணத்தையாவது திருப்பித் தரக் கேட்டேன்; முதல் தடவை என்பதால் எழுதிப்போடுவதாக அவள் சொன்னாள். நான் நன்றி சொல்லி வைத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"பிந்துனதும் நீ, அந்த எரநூத்தம்பதையும் கேட்டு வாங்குததும் நீயா? வெக்கமா இல்லையாட்டி?"

புதுக் கார்டை அப்போதுதான் அந்த ஆப்பில் பதிந்து, ஓடிபி கொடுத்தேன். ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்து டிக் அடித்தேன். அதற்குள் புதன்கிழமை முடிந்துகொண்டிருந்தது. பாக்கி கட்டியது போக என் ஏழாயிரத்து முந்நூறும் ஆப்பின் ஆறாயிரமும் பதின்மூவாயிரத்து முந்நூறு. எப்படிக் கூட்டினாலும் பதின்மூவாயிரத்து முந்நூறு.

வியாழக்கிழமை எதிர்வீட்டு அத்தை வீட்டில் சீட்டு. பன்னிரண்டு பெண்கள், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு முப்பதாயிரம். யாருக்கு எந்த மாதம் என்று வட்டம் தொடங்கும்போதே குலுக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த மாதம் மூலை வீட்டு அக்காவின் முறை. அம்மாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கப் போனாள். தவணைக்கு நான் பொறுப்பு என்று சொல்வதற்காக என்னையும் கூட்டிப்போனாள்.

"ஏம் மைனி, ஒம் மவ போன்லயே வாங்கித் தாரேன்னு சொன்னான்னியே?" என்றாள் சீட்டு நடத்தும் எதிர்வீட்டு அத்தை.

"போன்ல இவள ஒதுக்கிட்டானுவ. ஒரு மாசம் தவறவுட்டுட்டா" என்றாள் அம்மா, எந்தத் தயக்கமும் இல்லாமல். எனக்கு அப்போதுதான் புரிந்தது: என் கடன் வரலாறு இனி இந்தச் சந்திலும் தெரிந்துவிட்டது. இங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றெல்லாம் இல்லை, உடனுக்குடன்.

"பாவம், கையில ரூவா இல்லையாக்கும்" என்றாள் அத்தை, இரக்கத்தோடு.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுதான் சமயம் என்று நினைத்தேன். "ரூவா இருந்துச்சு அத்தை! கணக்குல ஒம்போதாயிரம் இருந்துச்சு" என்றேன்.

"ரூவா இருந்தா கட்டல?"

பன்னிரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். இல்லாமல் பிந்தினால் மன்னிக்கலாம், இருந்தும் பிந்தினால் அது வேறு வகை ஆள் என்று அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. நான் சட்டத்தின் தவறான பக்கத்தில் ஓடிப்போய் நின்றிருந்தேன். கார்டு, அனுமதி, புது எண் என்று விளக்கத் தொடங்கினேன். மூலை வீட்டு அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆக, பூட்டத் தொறக்குத தாக்கோலு மாறுனத கடக்காரன்ட்ட சொல்லல. அம்புட்டுத்தானே?"

"ஆமாக்கா."

"கம்ப்யூட்டரு படிச்ச பிள்ளலா நீ?"

"இதக் கவனிக்கதுக்குத்தான் படிச்சேன்க்கா" என்றேன். அது முழு உண்மை.

அத்தை சிரித்துவிட்டாள். மூலை வீட்டு அக்கா பணக்கட்டை அம்மாவின் மடியில் வைத்தாள். "எனக்கு அவசரம் இல்ல மைனி. ஒம் மொறைய நான் எடுத்துக்கிடுதேன். நீ பதினோரு வருசத்துல ஒரு நா பிந்துனதில்ல. ஒனக்குக் குடுக்காம?" அம்மாவின் லிமிட்டை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை.

அந்த நெகிழ்ச்சியில், அடுத்த வட்டத்தில் நானும் சேரலாமா என்று கேட்டுவிட்டேன். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"சேந்துக்க. ஆனா குலுக்கல் கெடையாது. பன்னெண்டாவது மொற ஒனக்கு. ஒரு வட்டம் ஒழுங்காப் போடு, பொறவு பாப்போம்."

கோயம்புத்தூர்ப் பெண் சொன்ன அதே வாக்கியம். இந்த முறை உதவி எண்ணுக்கு அழைத்துச் சண்டை போடவும் வழியில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் டெம்போவில் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் நான்கு பேர் தூக்கிவந்தார்கள். கடைக்காரர் நூல்கண்டுகளை மறக்காமல் அனுப்பியிருந்தார். நான் பிரின்டரை எடுத்து "ஓவர்லாக்" என்று ஒரு லேபிள் அடித்தேன். அம்மா முறைத்தாள். லேபிளை என் நோட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். சனிக்கிழமை செம்பூர்க்காரர் வந்தார், ஓர் ஓரத்தை அடித்துக் காட்டச் சொன்னார், திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை நானூறு உருப்படிக்கான துணி மூட்டைகள் வந்து, என் லேபிள்கள் அனைத்தையும் மறைத்துக்கொண்டு அடுக்கப்பட்டன.

அதே திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு பழைய பதிவைத் தேடி எடுத்தேன். "கார்டு மாற்றப்பட்டிருந்தால், 'பணம் எடுக்க முடியவில்லை' என்று மட்டும் காட்டாமல், 'புதுக் கார்டை இணைக்கவும்' என்று காட்ட வேண்டும்" என்று யாரோ கேட்டிருந்த குறை. ஒரு வருஷத்துக்கு முன் அதை முக்கியமில்லை என்று மூடியிருந்தார்கள். மூடியவரின் குறிப்பு: "பயனர் தானே கவனித்துக்கொள்வார்." மூடியவர் நான். மறுபடி திறந்து, அவசரம் என்று மாற்றினேன். காரணம் கேட்ட பெட்டியில் "பயனர் கவனிக்கவில்லை" என்று எழுதினேன். யாரும் மேலே கேட்கவில்லை.

மாதப் பட்டியலில் "கடன்" என்பதற்கு நேரே இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன. பிரின்டரின் கடைசித் தவணை, சீட்டு.

ஜூன் நான்காம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா போன் செய்தாள். பின்னால் ஓவர்லாக் ஓடும் சத்தம். நான் என் இருக்கையில் ஆப்பைத் திறந்துவைத்து, கார்டின் கடைசி நான்கு எண்களை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"ஏட்டி, நாளைக்கு அஞ்சாந்தேதி."

"தெரியும்மா. அதுக்கு மெசேஜ் வந்துருச்சு."

"மெசேஜ் போன மாசமுந்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.